கேமரா அசையக் கூடாது, நீங்கள் திரும்புங்கள்: முடிவெட்டுக்குக் கருத்துக் கேட்க எடுக்கும் படங்கள்

"தோளுக்குக் கீழே நான்கு விரல் இறங்கும் அலைமுடி எனக்கு. தாடை அளவுக்கு வெட்டிக்கொண்டு, நெற்றியிலும் கொஞ்சம் முடி விடலாமா என்று தெரிந்தவர்களிடம் கருத்துக் கேட்கப் போகிறேன். படம் எடுத்துத் தர வீட்டில் ஆள் இல்லை. நானே எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு தலை போல இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் தெரியும்படி எப்படி எடுப்பது?"

முதலில் போனைக் கையிலிருந்து இறக்கி வையுங்கள். 22 ஆண்டுகளாக முடி வெட்டுகிறேன். நேரில் வர இயலாதவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து, எந்த வெட்டு பொருந்தும் என்று சொல்வதும் என் வேலையில் ஒரு பங்கு. அப்படி வருபவற்றில் பெரும்பாலானவை கையை நீட்டிப் பிடித்து எடுத்த படங்கள். அவற்றை வைத்து முகத்தின் வடிவத்தையும் சொல்ல முடியாது, முடி எவ்வளவு அகலம் விரிகிறது என்பதையும் சொல்ல முடியாது.

காரணம் தொலைவு. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே முன்பின்னாகச் சுமார் 12 சென்டிமீட்டர் இருக்கும். போன் மூக்கிலிருந்து 50 சென்டிமீட்டரில் இருந்தால், காது 62 சென்டிமீட்டரில் இருக்கிறது. அருகில் உள்ளது பெரிதாகவும் தள்ளி உள்ளது சிறிதாகவும் பதிவாகும். ஆகவே மூக்கோடு ஒப்பிட்டால் காதும், காதை ஒட்டி விழும் முடியும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுகின்றன. முகம் நீளமாகவும் ஒடுக்கமாகவும், பக்கவாட்டு முடி உள்ளதைவிட மெலிந்தும் தெரியும். அதே போனை 2 மீட்டர் தள்ளி வைத்தால் கணக்கு 200க்கு 212. சுருக்கம் 6 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். கண்ணாடியில் பார்த்துப் பழகிய உங்கள் தலை அப்போதுதான் படத்துக்குள் வரும். 2 மீட்டரில் தலை சிறிதாகத் தெரிகிறதே என்று அருகில் போகாதீர்கள். இரண்டு மடங்கு ஜூம் வைக்கலாம், அல்லது எடுத்த பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். 0.5 என்று காட்டும் அகன்ற லென்ஸ் மட்டும் கூடாது. அது ஓரங்களை இழுத்து நீட்டிவிடும்.

போனை ஒரு முக்காலியிலோ, மேசைமேல் அடுக்கிய புத்தகங்களிலோ சாய்த்து, லென்ஸ் உங்கள் கண் உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். திரைப் பக்கத்துக் கேமரா வேண்டாம். பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள். அதன் தரம் கூடுதல் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், சில போன்கள் திரைப் பக்கப் படத்தைக் கண்ணாடி போல இடவலம் மாற்றிச் சேமிக்கின்றன. வகிடு எந்தப் பக்கம் என்பதே மாறிப்போனால், பார்ப்பவர் எழுதும் ஒவ்வொரு "இடதும்" தவறாகிவிடும். நேர எண்ணியை 10 விநாடிக்கு வைத்துவிட்டுப் போய் நில்லுங்கள். நிற்கும் இடத்தில் தரையில் ஒரு துண்டு ஒட்டுநாடா போட்டுக்கொள்ளுங்கள். பின்னணியை மங்கலாக்கும் வசதியையும், தோலை மெருகேற்றும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பின்னணியை மங்கலாக்கும்போது போன் தலையின் விளிம்பை ஊகித்து வெட்டுகிறது. பறக்கும் இழைகளும் மெலிந்த நுனிகளும் அதில்தான் காணாமல் போகின்றன. நாங்கள் பார்க்க விரும்புவதோ அந்த விளிம்பைத்தான்.

இனி வெளிச்சம். இதில்தான் விஷயம் தெரிந்தவர்களும் தவறுகிறார்கள். ஜன்னலைப் பார்த்து நின்று முன்பக்கத்தை அழகாக எடுத்துவிடுவார்கள். பிறகு அதே இடத்தில் நின்றபடி போனை மட்டும் பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் கொண்டுபோவார்கள். அப்போது பின்தலை நிழலில் இருக்கும். ஜன்னல் படத்துக்குள்ளேயே வந்து கண்ணைக் கூசச் செய்யும். முடி ஒரே கறுப்பு உருவமாகிவிடும். முறை இதற்கு நேர்மாறானது. போன் ஜன்னல் பக்கம், லென்ஸ் உங்களைப் பார்த்தபடி ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வெளிச்சம் போனின் தோளுக்கு மேலாக உங்கள் மீது விழ வேண்டும். நீங்கள்தான் எட்டில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்காகத் திரும்ப வேண்டும். தலையின் எந்தப் பகுதியைக் காட்டுகிறீர்களோ அந்தப் பகுதி அப்போதுதான் வெளிச்சத்தைப் பார்த்திருக்கும். எல்லாப் படங்களும் ஒரே வெளிச்சத்தில் அமைவதால், ஒன்றில் அடர்த்தி குறைவாகத் தெரிந்தால் அது உண்மையிலேயே முடியின் வேறுபாடு என்று நம்பலாம்.

வெயில் நேராக உள்ளே விழாத ஜன்னலாக இருக்கட்டும். விழுந்தால் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடுங்கள். மேகம் மூடிய நாள் இன்னும் நல்லது. உச்சி வெயிலில் வெளியே நின்றால் மேல்முடி கண்ணாடி போல மின்னி, அதன் கீழே எல்லாம் இருண்டுவிடும். உச்சியில் முடி அடர்த்தியாக உள்ளவருக்கும் தலைத்தோல் பளிச்சென்று தெரிந்து, முடி கொட்டுகிறதோ என்று வீண் கவலை தரும். அறை விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அணைத்தீர்களா என்பதைப் படமே காட்டிக்கொடுக்கும்: பின்சுவர் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் இருந்தால் எங்கோ ஒரு விளக்கு எரிகிறது. முடிக்குச் சாயம் போட்டவர்களுக்கு இது மிகவும் முக்கியம். ஜன்னல் சிறியது, 2 மீட்டர் தள்ளி நின்றால் இருட்டாக இருக்கிறது என்றால், திறந்த வாசலுக்கு உள்ளே ஓரடி தள்ளி நின்று போனை வெளியே நிழலில் வையுங்கள். அப்போது உங்களுக்குப் பின்னால் அறை இருண்டிருக்கும். கறுப்பு முடி அதில் கரைந்துவிடாமல் இருக்க, வெளிர்நிறப் போர்வை ஒன்றைப் பின்னால் தொங்கவிடுங்கள்.

கருமுடி உள்ளவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. போன் முகத்தையோ வெளிர்ச் சுவரையோ பார்த்து வெளிச்சத்தின் அளவை முடிவுசெய்துவிடுகிறது. முகம் நன்றாக வரும். முடி மையைக் கொட்டியது போலிருக்கும். படிப்படியாக வெட்டிய முடியா, ஒரே நீளமா என்றுகூடத் தெரியாது. திரையில் முடியைத் தொட்டு அளவெடுக்கச் சொல்லலாம். ஆனால் தனியாக எடுப்பவர் போனுக்கு அருகில் இருக்க மாட்டாரே. இதற்கு நான் சொல்லித்தரும் வழி இது: நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் ஒரு நாற்காலியை வைத்து, உங்கள் தலை உயரத்துக்கு ஒரு கறுப்புத் துணியை உயர்த்தி மாட்டுங்கள். திரையில் அந்தத் துணியைத் தொட்டு விரலை அப்படியே அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான போன்களில் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். துணியின் மடிப்புகள் தெளிவாகத் தெரியும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளுத்துச் சாம்பலாகிவிட்டால் சற்றே குறையுங்கள். பிறகு நாற்காலியை நகர்த்திவிட்டு அதே இடத்தில் நில்லுங்கள். முகம் வழக்கத்தைவிட வெளுத்திருக்கும், பரவாயில்லை. எடுத்த படத்தில் காதுக்குப் பின்னால் உள்ள முடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். இழைக்கொத்துகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தால் படம் பயன்படும். ஒரே கறுப்புப் பட்டையாக இருந்தால் மறுபடி எடுங்கள்.

தலையை நிமிர்த்திப் பிடிப்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. பக்கவாட்டுப் படத்தில், கண்குழியின் கீழ் விளிம்பிலிருந்து காதுத் துளையின் மேல் விளிம்புக்கு ஒரு கோடு போட்டால் அது தரைக்கு இணையாக இருக்க வேண்டும். மோவாயை உயர்த்தினால் பின்முடி தோளில் மோதி மடங்கி, உள்ளதைவிடக் குட்டையாகத் தெரியும். குனிந்தால் பிடரி நீண்டு, முடி மேலேறிவிடும். தாடை அளவு வெட்டு என்பதே ஓரிரு சென்டிமீட்டரில் தீர்மானமாவது என்பதால் இந்த வேறுபாடு சிறியதல்ல. கழுத்துப்பட்டி இல்லாத, முடியின் நிறத்துக்கு எதிரான நிறத்தில் மேலாடை அணியுங்கள். முடி முழுவதையும் பின்னால் தள்ளி ஒரு சுற்று எடுங்கள்.

நேர்முன், இரண்டு முக்கால் பக்கம், இரண்டு பக்கவாட்டு, நேர்ப்பின் ஆகியவை எல்லோரும் எடுப்பவை. இவற்றுக்கு மேல் மூன்று படங்கள் வேண்டும். எனக்கு உண்மையில் உதவுபவை இவைதான். முதலாவது, முதுகைக் காட்டியபடி தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து எடுப்பது. கேமரா நின்ற உயரத்திலேயே இருப்பதால் உச்சிச் சுழி தெரியும். இரண்டாவது, முடி முழுவதையும் உயர்த்தி உச்சியில் கிளிப் போட்டுவிட்டுப் பிடரியை எடுப்பது. மூன்றாவது, நெற்றி முடியை ஈரத்துணியால் ஒற்றிப் பின்னால் சீவிவிட்டு, அது காயும்போது 5 நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுப்பது. இந்த மூன்றும் முடி எப்படி முளைக்கிறது என்பதைக் காட்டுகின்றன. மற்றவை அது எப்படி விழுகிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. நீளமான முடி தன் எடையாலேயே முளைக்கும் திசையை மறைத்துவிடும். வெட்டிக் குறைத்ததும் அந்த எடை போய்விடும். மறைந்திருந்தது எழுந்து நிற்கும்.

உங்கள் கேள்விக்கு மிக அருகில் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். அலைமுடி உள்ள ஒரு பெண் இதே போல, தாடை அளவு வெட்டும் நெற்றி முடியும் வேண்டும் என்று நான்கு படங்கள் அனுப்பினார். இரவில், கூரை விளக்கின் கீழ், கொண்டையை அப்போதுதான் அவிழ்த்துவிட்டு, கைநீட்டி எடுத்தவை. முகம் நீளமாகத் தெரிந்தது. பக்கங்களில் முடி ஒட்டிக் கிடந்தது. நெற்றியில் முடி விட்டால் முகத்தின் நீளம் குறையும், தாடையருகே வெட்டினால் பக்கங்களில் அகலம் கிடைக்கும் என்று நினைத்தேன். அந்தப் படங்களை மட்டும் பார்த்தால் எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பின்தலையைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லாததால், பதில் சொல்லாமல், மேலே எழுதியபடி மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன்.

இரண்டாவது தொகுப்பு காலை 10 மணிக்கு, வடக்குப் பார்த்த ஜன்னலில் எடுத்தது. முகம் நீளமே இல்லை. தாடை அகன்ற, அழகான சதுர முகம். நீளம் முழுவதும் தொலைவு செய்த வேலை. ஒட்டிக் கிடந்த முடியும் கொண்டை அழுத்திய தடம்தான். இயல்பாகக் காய்ந்தபோது காதுக்குக் கீழே நன்றாக விரிந்தது. அகன்ற தாடைக்கு நேரே முடி விரிந்து நின்றால் அந்த இடம் இன்னும் அகலமாகத் தெரியும். அவருக்கு அது பிடித்திருந்தால் தடையில்லை; ஆனால் அவர் விரும்பியது அதற்கு எதிரானது என்று முன்பே எழுதியிருந்தார்.

பிடரிப் படம்தான் முடிவை மாற்றியது. இடது பக்கம் மயிர்க்கோடு வலதைவிட ஒரு விரல் கீழே இறங்கி இருந்தது. அங்கே முடி கீழ்நோக்கி முளைக்காமல் மேல்நோக்கி வலப்பக்கமாகச் சாய்ந்து முளைத்திருந்தது. அந்த இடத்தில் குட்டையாக வெட்டினால் இடது நுனி ஒவ்வொரு நாளும் வெளிப்பக்கமாக மடங்கிக்கொண்டு எழும். எந்தச் சீப்பாலும் அதை நிரந்தரமாக அடக்க முடியாது. உச்சியில் இரட்டைச் சுழி இருந்தது. ஆகவே அங்கே படிப்படியாகக் குறைத்தால் இரண்டு சுழிக்கும் நடுவில் முடி பிரிந்து நிற்கும். நெற்றி காயும்போது எடுத்த இரண்டு படங்களில் முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் நடுவுக்குச் சற்று வலப்புறம் ஒரு கொத்து மேலே எழுந்து பிளந்திருந்தது. நேராக வெட்டிய நெற்றி முடி அந்த இடத்தில் திரை விலகியது போலத் திறந்துகொள்ளும்.

அவர் இன்னொரு நல்ல வேலையும் செய்திருந்தார். குளித்தவுடன் ஈரத்தில் ஒரு பக்கவாட்டுப் படம், முழுக்கக் காய்ந்த பிறகு அதே இடத்தில் ஒன்று, இரண்டிலும் முடியை ஒட்டி ஒரு அளவுகோல். ஈரத்தில் இருந்ததைவிடக் காய்ந்தபோது நுனி 3 சென்டிமீட்டர் மேலே ஏறியிருந்தது. ஈரத்தில் தாடைக்குச் சரியாக வெட்டியிருந்தால் காய்ந்ததும் காதுமடலுக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கும். உங்களுடையதும் அலைமுடி என்பதால் இந்தச் சோடிப் படத்தை விட்டுவிடாதீர்கள். கோரைமுடி உள்ளவர்களுக்கு இது அவ்வளவு தேவைப்படாது.

நான் அவருக்கு எழுதிய பதில் இது: காய்ந்த நிலையில் அளந்து தாடைக்கு 4 சென்டிமீட்டர் கீழே, கீழ்விளிம்பு ஒரே நீளத்தில், உச்சியில் படி வேண்டாம், பிடரி முடியைக் குறைக்காமல் எடையோடு விடுங்கள். நெற்றிக்கு நேர்வெட்டு வேண்டாம். வகிட்டின் இரு பக்கமும் கன்ன எலும்பு வரை வரும் நீளமான முன்முடி போதும், எழும் கொத்து அதன் எடையில் படிந்துவிடும். அவர் ஊரிலேயே ஒருவர் வெட்டினார். வெட்டிய மூன்றாம் வாரம் அதே ஜன்னலில் எடுத்த படங்களை அனுப்பினார். பிடரி அமைதியாகப் படிந்திருந்தது. வலப்பக்க முன்முடி மட்டும் நான் நினைத்ததைவிடச் சற்று வெளியே விலகி நின்றது. அந்தக் கொத்து படத்தில் தெரிந்ததைவிட வலுவானது.

படம் சொல்லாத இடம் அதுதான். ஒரு இழை எவ்வளவு தடிமன், இழுத்தால் எவ்வளவு நீளும், எழும் கொத்து எவ்வளவு பிடிவாதமானது என்பவற்றைக் கையால் தொட்டால்தான் அறியலாம். ஆகவே படங்களோடு நான்கு வரி எழுதுங்கள். கடைசியாகச் சாயம் போட்டது, நேராக்கியது, சுருட்டியது எப்போது என்று குறிப்பிடுங்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. 8 மாதத்துக்கு முன் நேராக்கியிருந்தால் வேரிலிருந்து 8 சென்டிமீட்டர் உங்கள் இயல்பான அலை, மீதி அப்படியில்லை என்று கணக்கிட்டுக்கொள்வோம். எந்தப் பக்கம் வகிடு எடுப்பீர்கள், காலையில் முடிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவீர்கள், முன்பு எந்த வெட்டு பிடிக்காமல் போனது என்பதையும் சேருங்கள். பிடிக்காத வெட்டின் பழைய படம் ஒன்று இருந்தால், மோசமான வெளிச்சமாக இருந்தாலும், அனுப்புங்கள். குட்டையான முடியில் உங்கள் பிடரி எப்படி நடந்துகொண்டது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடையாது.

எந்த நிலையில் முடி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல்நாள் இரவு அலசி, எண்ணெயோ கிரீமோ பூசாமல், கட்டாமல் காயவிட்டு, காலையில் விரலால் மட்டும் கோதிவிட்டு எடுங்கள். அலைமுடியைக் காய்ந்த பிறகு சீப்பால் வாரினால் அலை உடைந்து பஞ்சு போலாகிவிடும்; அது உங்கள் அன்றாட முடியல்ல. பிறகு, வழக்கமாக வெளியே போகும்போது எப்படி அமைத்துக்கொள்வீர்களோ அப்படி ஒரு முன்படமும் ஒரு பக்கவாட்டும் போதும். திரும்பிக்கொண்டே வீடியோ எடுத்து அதிலிருந்து படம் பிரிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். முடி எப்படி அசைகிறது என்று பார்க்க வீடியோ நல்லதுதான். ஆனால் அதிலிருந்து பிரித்த படத்தில் அசைவால் நுனிகள் கலங்கிவிடும், பிளந்த நுனியையும் மெலிந்த நுனியையும் வேறுபடுத்த முடியாது.

அனுப்பும்போது செய்திச் செயலியில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும்; கோப்பாக இணைத்து அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் "இடது பக்கவாட்டு, காய்ந்தது", "பிடரி, உயர்த்திக் கட்டியது" என்று பெயரிட்டுவிடுங்கள். இந்தப் படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, துணி மாட்டிப் பூட்டும் நேரம் உட்பட, 40 நிமிடம் ஆகும். அவற்றில் எதை முதலில் திறப்பேன் என்று கேட்டால், பிடரியைத்தான்.